கல்யாண போட்டோ: எண்பத்தைந்தாயிரமா, ஒரு லட்சத்து ஐந்தாயிரமா?

கல்யாணம் நிச்சயமாகி மண்டபமும் சமையல்காரரும் முடிவானதும் வீட்டில் அடுத்த பேச்சு போட்டோகிராபரைப் பற்றித்தான். நாலு ஸ்டுடியோவுக்குப் போன் போட்டால் சாயங்காலத்துக்குள் நாலு கொட்டேஷன் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் மேலே கொட்டை எழுத்தில் ஒரு தொகை இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இத்தனை மணி நேரம், இத்தனை ஷீட் ஆல்பம், கூடுதல் மணிக்கு இவ்வளவு, பயணச் செலவு தனி என்று நாலைந்து வரிகள். பெண்ணின் அப்பா கொட்டை எழுத்தை மட்டும் பார்த்து, குறைவாக இருப்பதை முடித்துவிடுவார். கல்யாணம் முடிந்த பிறகு வருகிற பில் அந்தப் பொடி எழுத்திலிருந்து வரும்.

போட்டோ பேக்கேஜ் என்பது உண்மையில் ஒரே விலை அல்ல. அடிப்படைத் தொகை ஒன்று. அதில் சொல்லப்பட்ட நேரத்தைத் தாண்டினால் மணிக்கு இவ்வளவு. சொல்லப்பட்ட ஷீட்டைத் தாண்டினால் ஷீட்டுக்கு இவ்வளவு. கடைசியாகப் போக வர ஆகிற செலவு. இந்த நாலையும் கூட்டினால்தான் நாம் கொடுக்கப்போகிற பணம் தெரியும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. நேரம் கூடினால் பில் கூடும். ஆனால் எட்டு மணி நேரத்துக்குப் பேசி ஆறு மணி நேரத்தில் முடித்துவிட்டால் யாரும் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள். ஆல்பம் ஷீட்டும் அப்படித்தான். கணக்கு மேலே போகும், கீழே இறங்காது.

எண்களோடு பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். மாப்பிள்ளை வீடு திருச்சி, பெண் வீடு காரைக்குடி என்று வைத்துக்கொள்வோம். கல்யாணம் காரைக்குடியில். ஞாயிறு மாலை ரிசப்ஷன், திங்கள் காலை முகூர்த்தம். திருச்சியில் இருக்கிற இரண்டு ஸ்டுடியோக்கள் விலை சொல்லியிருக்கின்றன. (விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.)

முதல் ஸ்டுடியோ எண்பத்தைந்தாயிரம் என்கிறது. மூன்று பேர் வருவார்கள்: மேடையை நேராக நின்று எடுக்கிற ட்ரடிஷனல் போட்டோகிராபர் ஒருவர், கேண்டிட் எடுப்பவர் ஒருவர், வீடியோவுக்கு ஒருவர். மொத்தம் 8 மணி நேரம். அதற்கு மேல் மணிக்கு 4,000 ரூபாய். ஆல்பம் 30 ஷீட், கூடுதல் ஷீட்டுக்கு 600. பயணமும் தங்குமிடமும் தனி. இரண்டாவது ஸ்டுடியோ ஒரு லட்சத்து ஐந்தாயிரம் கேட்கிறது. அதே மூன்று பேர், 12 மணி நேரம், 40 ஷீட் ஆல்பம். கூடுதல் மணிக்கு 3,000, கூடுதல் ஷீட்டுக்கு 500. போக்குவரத்தும் அறையும் சேர்த்து ஒரே தொகையாக 6,000.

இருபதாயிரம் வித்தியாசம். பெண்ணின் அப்பா பத்திரிகையைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். வரவேற்பு மாலை 6 முதல் 9 வரை. முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 வரை. ஆக நாலரை மணி நேரம். எட்டு மணி நேரமே தாராளம், எதற்குப் பன்னிரண்டு என்று அவருக்குத் தோன்றுவது நியாயம்தான். ஆனால் பத்திரிகையில் போடுகிற நேரம் விருந்தாளிகளுக்கானது. கேமராவின் நேரம் வேறு.

ரிசப்ஷன் அன்று பெண்ணுக்கு மேக்கப் நடக்கும்போதே, புடவை மடிப்பு சரிசெய்வதிலிருந்து நகை பூட்டுவது வரை கேண்டிட் ஆள் எடுக்க வேண்டும். அதற்கு அவர் மாலை ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மேடை ஏறுவது ஆறு என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் ஆறரை ஆகும். ஒன்பது மணிக்கு வரிசை முடியாது. பத்து வரை நீளும். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு மணமக்களை மட்டும் தனியாக நிறுத்தி எடுக்க அரை மணி நேரம். பத்தரை. ஆக ஞாயிறு மாலை மட்டும் ஐந்தரை மணி நேரம். மறுநாள் முகூர்த்தம் ஆறு மணி என்றால் பெண்ணுக்கு மேக்கப் நாலு மணிக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். தாலி கட்டிய பிறகு சடங்குகள், பெற்றோர் காலில் விழுவது, சித்தப்பா குடும்பம், பெரியம்மா குடும்பம், கல்லூரித் தோழிகள் என்று குரூப் போட்டோக்கள். இது பத்தரை வரை போகும். ஆறரை மணி நேரம். இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு. அப்பா நினைத்த நாலரை எங்கே, இது எங்கே!

இப்போது முதல் ஸ்டுடியோவின் கணக்கைப் போடலாம். எட்டு மணிக்கு மேல் நாலு மணி நேரம், மணிக்கு நாலாயிரம்: 16,000. ஆல்பத்துக்கு நாற்பது ஷீட் தேவைப்பட்டால் கூடுதலாகப் பத்து ஷீட், 6,000. பயணத்துக்கு 8,500 என்றும் மூவருக்கும் அறைக்கு 2,500 என்றும் வைத்துக்கொள்வோம். அது எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். எண்பத்தைந்தாயிரத்தோடு இவற்றைச் சேர்த்தால் 1,18,000. இரண்டாவது ஸ்டுடியோவுக்கு நேரமும் ஷீட்டும் உள்ளேயே அடங்கிவிடுவதால் பயணத்தோடு 1,11,000. இருபதாயிரம் மலிவு என்று நினைத்தது ஏழாயிரம் கூடுதலாக முடிகிறது.

இதனால் முதல் ஸ்டுடியோ ஏமாற்றுகிறது என்று அர்த்தமில்லை. அதே திருச்சியில், ஒரு கோயிலில் காலை ஏழு மணி நேரத்தில் முடிகிற கல்யாணம், முப்பது ஷீட் போதும் என்றால் முதல் ஸ்டுடியோதான் சரி. இருபதாயிரம் உண்மையாகவே மிச்சம். எங்கே தராசு சாய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். நம் காரைக்குடிக் கல்யாணத்தில் ஷீட்டும் பயணமும் அறையும் சேர்த்து முதல் ஸ்டுடியோவுக்கு எட்டு மணி நேரத்திலேயே 1,02,000 ஆகிவிடுகிறது. இரண்டாவதற்கு 1,11,000. இடைவெளி ஒன்பதாயிரம். மணிக்கு நாலாயிரம் வீதம் அது இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதாவது பத்தேகால் மணி நேரத்துக்குள் முடித்தால் முதல் ஸ்டுடியோ மலிவு, தாண்டினால் இரண்டாவது. கொட்டேஷனை ஒப்பிடுவது என்றால் இதுதான்.

சிலர் வேறு மாதிரி கணக்குப் போடுவார்கள். எண்பத்தைந்தாயிரத்தை எட்டால் வகுத்தால் மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் வருகிறதே, கூடுதல் மணிக்கு மட்டும் நாலாயிரமா, அப்படியானால் அடிப்படை விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பேரம் பேசுவார்கள். இந்த வகுத்தல் தவறு. அடிப்படைத் தொகையில் நேரம் ஒரு பகுதி மட்டும்தான்.

எண்பத்தைந்தாயிரத்தை ஸ்டுடியோக்காரர் தன் நோட்டில் ஏறக்குறைய இப்படிப் பிரித்துப் பார்ப்பார். ஆல்பம் டிசைன், பிரிண்ட், அட்டை, பெட்டி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டாயிரம். மூன்று பேருக்கு இரண்டு நாள் சம்பளம், ஆளுக்கு நாளைக்கு நாலாயிரம் வீதம் இருபத்து நாலாயிரம். படங்களைப் பிரித்து நிறம் சரிசெய்யவும் வீடியோ எடிட்டிங்குக்கும் பன்னிரண்டாயிரம். மீதி இருபத்தேழாயிரத்தில் கடை வாடகை, கேமராவின் தேய்மானம், லாபம், அதோடு வேலை இல்லாத மாதங்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் பெரும்பாலும் கல்யாணம் கிடையாது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளுக்கு நாலு பேர் கேட்பார்கள். ஒருவருக்குத்தான் போக முடியும். உங்கள் கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டால், அன்றைக்கு ஆறு மணி நேரமோ பத்து மணி நேரமோ, அந்தத் தேதி போனது போனதுதான். முதல் மணி நேரத்துக்குள்ளேயே அந்தத் தேதியின் விலை முழுவதும் அடங்கிவிடுகிறது. கூடுதல் மணியில் ஆட்களின் கூடுதல் உழைப்பும் அந்த ஒரு மணியில் எடுத்த சில நூறு படங்களைச் சரிசெய்கிற வேலையும்தான் இருக்கிறது. அதனால் அது குறைவாக இருப்பதுதான் முறை. கூடுதல் மணிக்குச் சொல்கிற விலை, அடிப்படைத் தொகையை மணியால் வகுத்து வருவதைவிட அதிகமாக இருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

கூடுதல் நேரத்தில் சண்டை வருவது பெரும்பாலும் விலையினால் அல்ல, கடிகாரத்தினால். எப்போது தொடங்கியது என்று கணக்கு? ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பியபோதா, மண்டபத்துக்கு வந்தபோதா, முதல் படம் எடுத்தபோதா? ‘ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள்’ என்று நாம் சொல்லி, அழகு நிலையத்திலிருந்து பெண் ஆறு மணிக்கு வந்தால், அந்த ஒரு மணி நேரம் நம் கணக்கில்தான் ஓடும். அதில் தவறும் இல்லை. மணி என்று சொன்ன நேரத்திலிருந்து, ஆள் தாமதமாக வந்தால் வந்த நேரத்திலிருந்து என்று எழுதிக்கொள்வது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

இடைவெளி இன்னொரு வில்லங்கம். ரிசப்ஷன் முடிந்து மறுநாள் விடியும் வரை உள்ள நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் முகூர்த்தம் காலையிலும் ரிசப்ஷன் அதே நாள் மாலையிலும் இருந்தால்? காலை பதினொன்றுக்கு விட்டால் மாலை ஐந்துக்குத்தான் திரும்ப வேலை. நடுவில் ஆறு மணி நேரம் அவர்களால் வேறு வேலைக்குப் போக முடியாது. சில ஸ்டுடியோக்கள் அதையும் தொடர்ச்சியான நேரமாக எடுத்துக்கொள்ளும், சில பாதி எடுக்கும், சில விட்டுவிடும். கொட்டேஷனில் ‘8 மணி நேரம்’ என்று மட்டும் இருந்தால் தொடர்ச்சியாகவா, இரண்டு தவணையாகவா என்று கேட்டே ஆக வேண்டும்.

அப்புறம் முழுமையாக்குதல். பன்னிரண்டு மணி பத்து நிமிடம் ஆனால் அதைப் பதின்மூன்று என்று எழுதுகிற வழக்கம் உண்டு. நம் முதல் ஸ்டுடியோவில் அந்தப் பத்து நிமிடத்தின் விலை நாலாயிரம். கால் மணி நேரம் சலுகை, அதற்கு மேல் அரை மணி நேரக் கணக்கு என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மணிக்கு நாலாயிரம் என்பது மூவருக்கும் சேர்த்தா, ஆளுக்கா என்பதையும் விட்டுவிடக் கூடாது. ‘எக்ஸ்ட்ரா அவர் 1,500’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மலிவு என்று சந்தோஷப்பட்டால், அது ஆள் ஒன்றுக்கு என்று பிறகு தெரியும். மூன்று பேருக்கு நாலாயிரத்து ஐந்நூறு.

மண்டபத்தில் இது நடக்கிற விதத்தைப் பார்த்திருப்பீர்கள். இரவு மணி ஒன்பதே முக்கால். வரிசை மேடைப் படிக்கட்டிலிருந்து சாப்பாட்டுக் கூட வாசல் வரை நிற்கிறது. போட்டோகிராபர் கேமராவைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு பெண்ணின் மாமாவைத் தேடிப் பிடிக்கிறார்.

“சார், பத்தரைக்கு நம்ம நேரம் முடியுது. இன்னும் நூறு பேர் இருப்பாங்க. எக்ஸ்ட்ரா போட்டுக்கலாமா?”

“இருங்க தம்பி, பார்த்துக்கலாம். முதல்ல சாப்பிட்டீங்களா?”

அந்தப் ‘பார்த்துக்கலாம்’ ஒப்புதலா, மறுப்பா? போட்டோகிராபர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு பதினொன்றரை வரை நிற்பார். பில் வரும்போது அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. மாமாவுக்கு ஞாபகம் இருக்காது. கூடுதல் நேரத்துக்குத் தலையாட்ட வேண்டிய ஆள் யார் என்று வீட்டில் ஒருவரை முன்பே முடிவு செய்து, அவர் எண்ணை ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிடலாம். அவர் வாட்ஸ்அப்பில் ‘ஒரு மணி நேரம் சரி’ என்று ஒரு வரி போட்டால் போதும். அந்த நேரத்தில் நல்ல போட்டோகிராபரே ஒரு யோசனையும் சொல்வார்: கேண்டிட் ஆளை அனுப்பிவிட்டு ட்ரடிஷனல் ஆளை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். வரிசையில் வந்து நிற்கிறவர்களை எடுக்க மூன்று பேர் தேவையில்லை. ஆள் கணக்கில் விலை பேசியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு முடியும்.

ஆல்பத்துக்கு வருவோம். பணம் சத்தமில்லாமல் கூடுகிற இடம் இது. நம் கல்யாண ஆல்பங்களில் அதிகம் புழங்குகிற அளவு 12×36. விரித்து வைத்தால் முப்பத்தாறு அங்குல அகலம், மூடினால் பதினெட்டு. விரித்தால் முழுவதும் தெரிகிற அந்த ஒரு நீளத் தாள்தான் ஒரு ஷீட். நடுவில் மடிப்பு, இரண்டு பக்கம். ஆகவே முப்பது ஷீட் ஆல்பமும் அறுபது பக்க ஆல்பமும் ஒன்றுதான். ஒரு ஸ்டுடியோ 40 ஷீட் என்றும் இன்னொன்று 60 பக்கம் என்றும் சொன்னால் கேட்கிறவருக்கு இரண்டாவது பெரிதாகத் தெரியும். உண்மையில் அது பத்து ஷீட் குறைவு. கூடுதலுக்கான விலையும் ஷீட்டுக்கா, பக்கத்துக்கா என்று பார்க்க வேண்டும். பக்கத்துக்கு 400 என்பது ஷீட்டுக்கு 800.

ஒரு ஷீட்டில் எத்தனை படம் வைப்பது? தாலி கட்டுகிற படத்துக்கு முழு ஷீட்டையும் கொடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் நாலு முதல் ஆறு. சராசரி ஐந்து என்று வைத்தால் நாற்பது ஷீட்டில் இருநூறு படம். இருநூறு போதாதா என்று தோன்றும். இரண்டு நாளில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, வேண்டியதன் எண்களை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லும்போதுதான் கஷ்டம் தெரியும். அம்மா நூற்றைம்பது எண் குறிப்பார். மாப்பிள்ளையின் அக்கா வேறு நூறு குறிப்பார். ‘பெரியப்பா படத்தை விட்டால் அவர் என்ன நினைப்பார்?’ என்று இன்னும் எழுபது. முந்நூற்று இருபது படம். டிசைனர் அதை அறுபத்து நாலு ஷீட்டில் அடுக்கி முடித்துவிடுவார். நாற்பது போக இருபத்து நாலு கூடுதல் ஷீட். இரண்டாவது ஸ்டுடியோவின் விலையிலேயே பன்னிரண்டாயிரம் ரூபாய். டிசைன் முடிந்த பிறகு குறையுங்கள் என்றால் மறு வேலைக்குத் தனிக் காசு கேட்பார்கள். அதனால் தேர்வு எண்ணிக்கை ஷீட்டைத் தாண்டினால், டிசைனைத் தொடங்குவதற்கு முன்பே எங்களிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

ஷீட்டைத் தின்பது யார் என்று பார்த்தால், மேடைக்கு வந்து பரிசு கொடுத்த வரிசை. இருநூற்றைம்பது குழு படங்கள், ஷீட்டுக்கு ஆறு வைத்தாலும் நாற்பத்திரண்டு ஷீட் ஆகிவிடும். அதற்கு மட்டுமே ஓர் ஆல்பம் வேண்டும்! இதற்கு இப்போது பலரும் கண்டிருக்கிற வழி, நெருங்கிய சொந்தம் தவிர மற்ற மேடைப் படங்களைப் பெரிய ஆல்பத்தில் சேர்க்காமல் சாஃப்ட் காப்பியாக வைத்துக்கொள்வது, அல்லது விலை குறைந்த சிறிய அளவு ஆல்பமாகத் தனியே போட்டுக்கொள்வது. அலுவலக நண்பர்கள் தங்கள் படத்தை வாட்ஸ்அப்பில் பெற்றுக்கொண்டாலே திருப்தியாகிவிடுகிறார்கள். இருபத்தைந்து வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது நாம் தேடப்போவது அவர்களை அல்ல என்பது என் அபிப்பிராயம்; கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அட்டை, பெட்டி, பை ஆகியவை முப்பது ஷீட்டுக்கும் நாற்பது ஷீட்டுக்கும் ஒரே செலவு. கூடுதல் ஷீட்டில் டிசைனும் பிரிண்ட்டும் லேமினேஷனும் மட்டும்தான். ஆகவே நேரத்தைப் போலவே இதிலும் கூடுதல் ஷீட்டின் விலை சராசரியைவிடக் குறைந்துதான் இருக்க வேண்டும். முதல் ஸ்டுடியோவின் ஆல்பத்துக்கு இருபத்திரண்டாயிரம், முப்பது ஷீட் என்றால் ஷீட்டுக்கு எழுநூற்று முப்பது சொச்சம். கூடுதல் 600 என்பது பொருந்துகிறது. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒவ்வொரு ஆல்பம் வேண்டுமென்றால் இரண்டாவதன் விலையும் குறைய வேண்டும், டிசைன் ஒருமுறைதானே செய்கிறார்கள். ஆனால் கூடுதல் ஷீட் இரண்டு ஆல்பத்திலும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. பிரிண்ட்டுக்குப் போகும் முன் டிசைனை வாங்கிப் பார்க்கும்போது முகங்கள் நடு மடிப்பில் விழுந்திருக்கிறதா என்று மட்டும் கவனமாகப் பாருங்கள். திரையில் அது தெரியாது. ஆல்பத்தில் தாத்தாவின் மூக்கு மடிப்புக்குள் போயிருக்கும்.

இனி அந்த 8,500 ரூபாய். திருச்சியிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். போக வர 180, ஊருக்குள் அலைச்சல் இருபது, ஆக 200 கிலோமீட்டர். கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய் என்றால் 2,800தானே வரும் என்று யாரும் கேட்பார்கள். ஸ்டுடியோவின் சொந்தக் கார் என்றால் அப்படித்தான் வர வேண்டும். வாடகைக் கார் என்றால் கதை வேறு. வெளியூர் வாடகைக்கு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது வழக்கம், ஓடினாலும் ஓடாவிட்டாலும். இரண்டு நாளைக்கு 500 கிலோமீட்டர், ஏழாயிரம் ரூபாய். டிரைவர் பேட்டா நாளைக்கு ஐந்நூறு வீதம் ஆயிரம். டோல், பார்க்கிங் ஐந்நூறு. மொத்தம் 8,500. கார் காரைக்குடி மண்டபத்து வாசலில் இரவு முழுக்க நின்றதற்குத்தான் இதில் பெரும் பகுதி போகிறது.

நிற்காத காரைப் பிடித்தால்? ஒரு வழிக்கு மட்டும் வந்து இறக்கிவிட்டுப் போகிற டிராப் டாக்சிகளில் குறைந்தபட்ச தூரம் 130 கிலோமீட்டர் என்று வைத்திருப்பார்கள். 130 கிலோமீட்டருக்கு 1,820, பேட்டா ஐந்நூறு. ஒரு தடவைக்கு 2,320, இரண்டு தடவைக்கு 4,640, டோல் முதலியவற்றோடு 5,140. மூவாயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய் மிச்சம். அழகு நிலையத்திலிருந்து மண்டபத்துக்கும் கோயிலுக்கும் போக வர வீட்டுக் கார் ஒன்றில் அவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பஸ்ஸில் வரட்டுமே என்று கேட்பவர்களும் உண்டு. லைட் ஸ்டாண்ட், குடை, கிம்பல், இரண்டு மூன்று கேமரா பைகளோடு அது நடக்காது; கேமரா உடைந்தால் படம் போவது நமக்குத்தான்.

அறைக்கும் வழி உண்டு. காரைக்குடி மாதிரி ஊர்களில் மண்டபத்தோடு ஆறேழு அறைகள் சேர்த்தே தருவார்கள். அதில் ஒன்றை இவர்களுக்கு ஒதுக்கினால் 2,500 மிச்சம். விடியற்காலை நாலு மணிக்கு மாடியிலிருந்து இறங்கி வந்தால் போதும், லாட்ஜிலிருந்து ஆட்டோ தேட வேண்டாம். இரண்டையும் கழித்தால் முதல் ஸ்டுடியோவின் பில் 1,12,140க்கு வந்துவிடுகிறது. இரண்டாவதோடு உள்ள வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். இந்த நிலைக்கு வந்த பிறகு விலையைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரிடமும் சமீபத்தில் முடித்த ஒரு முழுக் கல்யாணத்தின் ஆல்பத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்து, யாருடைய வேலை பிடிக்கிறதோ அவரைச் சொல்லிவிடலாம். இன்ஸ்டாகிராமில் இருப்பது இருபது கல்யாணத்தின் நல்ல படங்கள். நமக்கு வரப்போவது ஒரு கல்யாணத்தின் எல்லாப் படங்களும்.

தூரக் கணக்கில் ‘50 கிலோமீட்டர் வரை இலவசம்’ என்ற வரி வந்தால், அது ஒரு வழிக்கா, போக வரச் சேர்த்தா, எங்கிருந்து என்று கேட்க வேண்டும். ஸ்டுடியோ திருச்சியில் இருந்து, வீடியோகிராபர் மதுரையிலிருந்து வருவதாக இருந்தால் அவருடைய பயணம் யார் கணக்கு என்பதும் தெரிய வேண்டும். சீசனில் வெளி ஆட்களை அழைத்துக்கொள்வது எல்லா ஸ்டுடியோவிலும் நடப்பதுதான்.

ஜிஎஸ்டியை ஒரு வரியில் முடித்துவிடலாம். போட்டோகிராபி சேவைக்கு 18 சதவீதம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் குறைவாக வரவு உள்ள சிறு ஸ்டுடியோக்கள் பொதுவாகப் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை, அவர்கள் வசூலிக்கவும் கூடாது. ‘வரி தனி’ என்று பொடி எழுத்தில் இருந்தால் 1,18,000க்கு 21,240 கூடிவிடும் என்பதால் இரண்டு கொட்டேஷனையும் வரியோடு சேர்த்து எழுதி வாங்குவது நல்லது.

பணம் கொடுக்கிற முறை ஊருக்கு ஊர் வேறு. தேதியைப் பிடித்து வைக்க அட்வான்ஸ், கல்யாணத்தன்று பெரும்பகுதி, ஆல்பம் கைக்கு வரும்போது மீதி என்று மூன்றாகப் பிரிப்பது பொதுவான வழக்கம். கடைசித் தவணை கொஞ்சமாவது நம் கையில் இருந்தால் ஆல்பம் விரைவாக வரும் என்று நாம் நினைப்போம். ஸ்டுடியோக்காரர்கள் மறுபக்கத்தைச் சொல்வார்கள். படங்களைக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்காகக் காத்திருக்கும்போது, மணமக்கள் வெளிநாடு போய்விடுவார்கள். பெரியவர்களுக்குப் பென் டிரைவைப் போட்டுப் பார்க்கத் தெரியாது. முதல் கல்யாண நாள் வரும்போதுதான் ஆல்பம் ஞாபகம் வரும். அதற்குள் லேப்பில் பிரிண்ட் விலை ஏறியிருக்கும். படங்கள் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் தேர்வைக் கொடுத்துவிட்டால் பேசிய விலை, தாண்டினால் அன்றைய ஷீட் விலை என்று சில ஸ்டுடியோக்கள் இப்போது கொட்டேஷனிலேயே போட ஆரம்பித்திருக்கிறார்கள். அப்படி ஒரு வரி இருந்தால், இருநூறு எண்ணைக் குறித்துத் தருகிற பொறுப்பு வீட்டில் யாருக்கு என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.